தூண் பாறை தெரியுமா? ஜனவரி, ஏப்ரல், அக்டோபர்: ஓர் ஒப்பீடு

கொடைக்கானல் தூண் பாறை முன்னால் ஒரு டிசம்பர் மாதம், காலை 11:20. கம்பி வேலிக்கு அப்பால் வெறும் வெள்ளை. பக்கத்தில் ஒரு சிறுவன், "பாறை எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் அப்பா வெள்ளைக்குள் ஏதோ ஒரு திசையில் கையைக் காட்டினார். சோளம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எட்டு மணிக்கு பளிச்சுன்னு இருந்துச்சு சார்" என்றார்.

அவர் சொன்ன எட்டு மணிக்குக் காரணம் உண்டு. தூண் பாறை நிற்கும் கொடைக்கானலின் தெற்கு விளிம்பு 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதன் கீழே பெரியகுளம் சுமார் 280 மீட்டரில். இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, காற்று கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, சமவெளியின் ஈரக் காற்று மேலே ஏற ஆரம்பிக்கும். ஏறுகிற காற்று குளிர்ந்து, ஓர் உயரத்தில் மேகமாகிவிடும். நாம் "மிஸ்ட்" என்று சொல்லிப் படம் எடுப்பது பெரும்பாலும் இந்த மேகம்தான். விளிம்பில் நிற்கும்போது நாம் மேகத்துக்குள்ளேயே நிற்கிறோம்.

அந்த உயரத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். வானிலைச் செயலியில் கீழ் ஊரின் வெப்பநிலையையும் 'டியூ பாயிண்ட்' என்ற எண்ணையும் பாருங்கள். காற்றை எந்த அளவு குளிர்வித்தால் ஈரம் துளியாகும் என்பதுதான் அந்த இரண்டாவது எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், கீழ் ஊரிலிருந்து மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வரும். சரிவில் காற்று ஏறிக்கொண்டிருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் இது பொருந்தும். விடியற்காலையில் போட்டுப் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

சரி, மூன்று பருவத்துக்கும் மாதிரி எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

அக்டோபர் மதியம் பெரியகுளத்தில் 31 டிகிரி, டியூ பாயிண்ட் 23 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8, அதாவது 1,000 மீட்டர். ஊரின் உயரத்தையும் சேர்த்தால் மேகத்தின் அடி சுமார் 1,280 மீட்டரில். விளிம்பு அதற்கு மிக மேலே இருப்பதால் முழுக்க மூடிவிடும். கொடைக்கானலுக்கு அதிக மழை தருவதே அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான். பல நாள் காலையிலேயே மூட்டம் இருக்கும். சரிவுக் காற்றுக்காக அது காத்திருப்பதில்லை. ஆனால் மழை விட்ட மறுநாள் காலை வானம் திறந்துவிட்டால், அந்தக் காட்சிக்கு ஈடு வேறு எந்த மாதத்திலும் இல்லை. காற்றில் இருந்த தூசியை மழை கழுவியிருக்கும். பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வைகை அணை, கரைக் கோடு முதல் கூர்மையாகத் தெரியும். ஆக, அக்டோபர் ஒரு சூதாட்டம். நாலு நாள் தங்க முடிந்தவர்கள் ஆடலாம்.

ஜனவரியில் 29 டிகிரி, டியூ பாயிண்ட் 18 என்றால் வித்தியாசம் 11. மேகத்தின் அடி சுமார் 1,650 மீட்டர். இதுவும் விளிம்புக்குக் கீழேதான். அதனால் ஜனவரி மதியமும் வெள்ளைதான். ஆனால் அது மதியத்தோடு நிற்கிறது. காலையில் காற்று ஏறாது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடுவதால் மூடுபனி இருந்தாலும் நமக்குக் கீழே படுத்திருக்கும், மேலே நீலம். விடிந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை நம்பிப் போகலாம். பத்து மணிக்கு மேல் சரிவில் பஞ்சுத் துணுக்குகள் மாதிரி ஏறிவருவது தெரிந்தால், இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நாலரை, ஐந்து மணிக்குச் சரிவு குளிர்ந்ததும் மேகம் கலைந்து இன்னொரு வாய்ப்பு வரும், சில நாட்களில் மட்டும்.

ஜனவரிக் காலையில் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக நிற்கும். வைகை அணையும் கிட்டத்தட்ட அதே பக்கம். சூரியனைப் பார்த்து நிற்கும்போது, காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச தூசியும் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பிவிடும். சமவெளி பால் கலந்த மாதிரி தெரியும். அணையைப் படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்த மாலை வாய்ப்புக்குக் காத்திருப்பது நல்லது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும். தூண் பாறைக்குக் காலையே போதும். அது கண்முன்னால் இருப்பதால் தூசி பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

ஏப்ரலில் 37 டிகிரி, டியூ பாயிண்ட் 20. வித்தியாசம் 17. மேகத்தின் அடி 2,400 மீட்டர் அருகில், விளிம்புக்கு மேலே. மேகத் தொல்லை குறைவு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. தரை சூடேறி, காற்று இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம் வரை கலக்கும். சமவெளியின் தூசியும் புகையும் அதோடு மேலே வந்துவிடும். தூண் பாறை தெரியும். அணை இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத் திரைதான். மதியத்தில் மட்டுமல்ல, முந்தைய நாள் ஏறிய தூசி இரவிலும் மேலேயே தங்கிவிடுவதால் காலையிலும் இப்படித்தான். நேரத்தை மாற்றிப் பயனில்லாத பருவம் இது ஒன்றுதான். கோடை மழை இடியோடு கொட்டினால், மறுநாள் காலை மட்டும் விதிவிலக்கு.

மேகமா தூசியா என்று பிரிப்பது எளிது. மேகம் பக்கத்து மரத்தையும் மறைக்கும், பத்து நிமிடத்தில் விலகவும் செய்யும். தூசி பக்கத்தை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் தின்னும், நாள் முழுக்க அசையாது. முதலாவதுக்குக் காத்திருங்கள். இரண்டாவதுக்குக் காத்திருந்தால் டீ செலவுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கதை ஊருக்கு ஊர் மாறும். ஊட்டியில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தென்மேற்குப் பருவக்காற்றில் நேராக மாட்டிக்கொண்டு, நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். கொடைக்கானலுக்கு அந்தப் பருவத்தில் அவ்வளவு மழை இல்லை. ஆகஸ்டில் இரண்டில் ஒன்று என்றால் நான் கொடைக்கானல்தான் போவேன், பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போதே பாதி விடை கிடைத்துவிடும். காலையில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வெள்ளைக்குள் நுழைந்து, ஊர் வருவதற்குள் வெயிலுக்கு வெளியே வந்துவிட்டால், மேகம் உங்களுக்குக் கீழே. அறையில் பெட்டியை வைக்காமல் நேரே விளிம்புக்குப் போங்கள். மேலே போகப் போக வெள்ளை அடர்த்தியானால் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, மாலை நாலு மணிக்கு மேல் கோக்கர்ஸ் வாக் போகலாம். அது கிழக்கும் தென்கிழக்குமாகப் பள்ளத்தைப் பார்க்கும் பாதை. முதுகுப் பக்கம் வெயில், முன்னால் பள்ளத்தில் மேகம் என்று அமைந்தால், உங்கள் நிழல் மேகத்தின் மேல் விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். 'ப்ரோக்கன் நிழல்' என்பார்கள். பள்ளம் தெளிவாக இருக்கும் நாளில் அது கிடைக்காது.