டியூரேஷன் 7.2 சரி, அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது?

எங்கள் டிரஷரி ஷீட்டில் நாலு வருடங்களாக ஒரு கீ ரேட் டியூரேஷன் பட்டியல் இருந்தது: மொத்த டியூரேஷன் எந்தெந்தக் காலப் புள்ளியில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது. அதில் நான் பார்த்தது கடைசி வரியை மட்டும்தான்: எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் மொத்த டியூரேஷன் வருகிறதா என்று. வந்தால் ஷீட் சரி, மூடிவிடுவேன். 2025 ஜூன் காலாண்டு முடிந்த பிறகுதான் நடு வரிகளைப் படிக்கத் தொடங்கினேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

அந்த வருடம் ரிசர்வ் வங்கி பிப்ரவரியில் 25, ஏப்ரலில் 25, ஜூன் 6-ஆம் தேதி 50 என்று ரெப்போவை மொத்தம் 100 பேசிஸ் பாயிண்ட் குறைத்து 5.50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வட்டி இறங்கினால் பத்திர விலை ஏறும். எங்களிடம் டியூரேஷன் 7.2 இருக்கிறது, அதாவது யீல்டு ஒரு சதவீதம் இறங்கினால் விலை ஏறக்குறைய 7.2 சதவீதம் ஏற வேண்டும். பத்து வருட ஜி-செக், அதாவது மத்திய அரசுப் பத்திரத்தின் யீல்டு பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஜூன் முடிவுக்குள் சுமார் 40 பேசிஸ் பாயிண்ட், அதாவது 0.40 சதவீதம் இறங்கியிருந்தது. 7.2-ஐ 0.40-ஆல் பெருக்கினால் 2.88. நூறு கோடிக்கு ஏறக்குறைய 2.9 கோடி விலை ஏற்றம் வந்திருக்க வேண்டும். வந்தது அரைக் கோடி. "மீதி எங்கேப்பா?" என்று எங்கள் தலைவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கணக்கு புரிவதற்காக எங்கள் போர்ட்ஃபோலியோவைச் சுருக்கிச் சொல்கிறேன். பாதி இரண்டு வருடப் பத்திரம், பாதி முப்பது வருடப் பத்திரம். பார்பெல் என்பார்களே, அது. இரண்டு வருடப் பத்திரத்தின் மாடிஃபைடு டியூரேஷன் ஏறத்தாழ 1.85, முப்பது வருடத்துக்கு 12.5. சராசரி 7.2. முழுப் பணத்தையும் பத்து வருடப் பத்திரத்தில் போட்டிருந்தாலும் அதே 7.2 தான் வந்திருக்கும். அப்புறம் ஏன் பார்பெல்? சராசரி யீல்டு ஒரு பத்து பேசிஸ் பாயிண்ட் கூட வந்தது, கன்வெக்சிட்டியும் அதிகம்: யீல்டு பெரிதாக நகர்ந்தால் டியூரேஷன் கணக்குக்கு மேல் விலையில் கிடைக்கும் கொசுறு அது. ஒரே டியூரேஷனில் இரண்டு லாபம் சும்மா கிடைப்பதுபோல் தெரிந்தது. சும்மா இல்லை. அதற்கான விலை எங்கே ஒளிந்திருந்தது என்பதை அந்த நடு வரிகள் காட்டின.

கீ ரேட் டியூரேஷனின் அடிப்படை எளிது. தாமஸ் ஹோ 1992-ல் முன்வைத்த முறை. ஒவ்வொரு காலத்துக்கும் உள்ள யீல்டை இணைக்கும் யீல்டு கர்வில் 2, 5, 10, 20, 30 வருடம் என்று சில புள்ளிகளை எடுத்துக்கொள்கிறோம். ஒரு புள்ளியை மட்டும் அசைத்து மற்றவற்றை அப்படியே வைக்கிறோம். அசைவு கூடாரம் மாதிரி இருக்கும்: பத்து வருடத்தில் உச்சம், ஐந்திலும் இருபதிலும் பூஜ்யம், நடுவே நேர்க்கோடு. மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை அசைத்து விலை பார்க்க வேண்டும்:

```
KRD = (P_down - P_up) / (2 * P0 * dy)
```

எல்லாக் கூடாரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் கர்வ் முழுக்க சம அளவு நகர்ந்ததாக ஆகும். கூட்டுத்தொகை மொத்த டியூரேஷனோடு ஒத்துப்போவது அதனால்தான்.

எங்கள் பார்பெல்லுக்கு இரண்டு வருடப் புள்ளியில் 0.92, முப்பதில் 6.24, மற்ற எல்லாவற்றிலும் பூஜ்யம். பத்து வருடப் பத்திரமாக இருந்திருந்தால் பத்தில் மட்டும் 7.2. இதைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும்: எங்கள் ரிஸ்க்கில் ஏழில் ஆறு பங்கு முப்பது வருட முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து வருட யீல்டு செய்தியில் வருவதால் அதையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் புள்ளியில் எங்களுக்கு ஒன்றுமே இல்லை.

அந்த மாதங்களில் கர்வ் முறுக்கிக்கொண்டது. குறுகிய முனை ரெப்போவோடு சேர்ந்து சுமார் 90 பேசிஸ் பாயிண்ட் இறங்கியது, பத்து வருடம் 40 இறங்கியது, முப்பது வருடம் 7 சதவீதத்தை ஒட்டி நின்று ஒரு 5 புள்ளி ஏறவும் செய்தது. ஜூனில் பெரிய குறைப்போடு கொள்கை நிலைப்பாட்டையும் நடுநிலைக்கு மாற்றியதால், இனி குறைக்க அதிக இடமில்லை என்று சந்தை எடுத்துக்கொண்டது. அடி விழுந்தது நீண்ட பத்திரங்களுக்குத்தான். இப்போது பெருக்கிப் பாருங்கள். இரண்டு வருடத்தில் 0.92 × 0.90, அதாவது 0.83 சதவீதம் லாபம். முப்பதில் 6.24 × 0.05, அதாவது 0.31 நஷ்டம். நிகரம் 0.52. தலைவர் தேடிய அரைக் கோடி அதுதான். கன்வெக்சிட்டி? 40 புள்ளி சீராக இறங்கியிருந்தால் அது கூடுதலாக ஒரு 0.1 சதவீதம் தந்திருக்கும். அந்தச் சில்லறைக்காக நாங்கள் முறுக்கின் எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தோம்.

இதே நிலையில் கர்வ் தட்டையாகியிருந்தால் எனக்குப் பாராட்டு கிடைத்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீ ரேட் டியூரேஷன் எந்த முனை அசையும் என்று சொல்லாது. எங்கே பந்தயம் கட்டியிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லும்.

பயன்படுத்தத் தொடங்கிய பிறகு எனக்கு நேர்ந்த பெரிய தவறு வேறு இடத்தில். மென்பொருளை மாற்றினோம், திடீரென்று முப்பது வருடப் புள்ளியில் 6.24-க்குப் பதில் 2.5 சொச்சம் காட்டியது, மீதி 20, 10, 5 என்று பரவிக் கிடந்தது. கூட்டுத்தொகை சரியாகவே இருந்தது. பழைய ஷீட் பார் யீல்டு கர்வை, அதாவது முகவிலையில் விற்கும் கூப்பன் பத்திரங்களின் யீல்டுகளை அசைத்தது. புதியது ஜீரோ கூப்பன் கர்வை, அதாவது ஒவ்வொரு தேதியிலும் வரும் ஒற்றைப் பணத்துக்கான விகிதங்களை அசைத்தது. ஜீரோ கர்வில் முப்பது வருடப் பத்திரத்தின் ஒவ்வொரு கூப்பனும் தன் தன் புள்ளியில் போய் விழும், முப்பதில் அசலும் கடைசிக் கூப்பன்களும்தான் நிற்கும். இரண்டுமே சரியான எண்கள். ஆனால் நான் புதிய எண்களை எடுத்து, பார் யீல்டு நகர்வுகளோடு பெருக்கினேன். பத்து வருட இறக்கத்தில் முப்பது வருடப் பத்திரமும் லாபம் பார்த்ததாகக் கணக்கு சொன்னது. உண்மையில், குறுகிய ஜீரோ விகிதங்கள் இறங்கியும் முப்பது வருட பார் யீல்டு நின்றது என்றால், முப்பது வருட ஜீரோ விகிதம் அதைவிட நிறையவே ஏறியிருக்க வேண்டும். சந்தையின் அளவுகோல் விகிதங்களைத் தரும் எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் பார் கர்வ், ஜீரோ கர்வ் இரண்டையும் வெளியிடுகிறது. எண் எந்தக் கர்விலிருந்து வந்ததோ, நகர்வையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். இப்போது ஷீட்டின் தலைப்பிலேயே கர்வின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

கூப்பனையும் அசலையும் தனித்தனியாகப் பிரித்து விற்கும் ஸ்ட்ரிப்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பார் கர்வை அசைத்தால் கூப்பன் இல்லாத நீண்ட பத்திரத்துக்கு நடுப் புள்ளிகளில் மைனஸ் எண் வரும். பிழை என்று நினைத்து நான் ஒரு நாள் முழுக்கச் சூத்திரத்தைத் துருவினேன். அது பிழை இல்லை.

குறை என்றால் முதலில் கடைசிப் புள்ளி. 30-க்கு மேல் எல்லாம் அதே அளவு நகரும் என்று முறை எடுத்துக்கொள்ளும். மத்திய அரசு 2023 முதல் 50 வருடப் பத்திரமும் விடுகிறது. அதை வைத்திருப்பவர் 50-ல் தனிப் புள்ளி வைக்காவிட்டால் 30-க்கும் 50-க்கும் நடுவே நடக்கும் முறுக்கு கண்ணில் படாது. அதற்காகப் பதினைந்து புள்ளி வைப்பதும் வீண். அதிகம் கைமாறாத பத்திரங்களின் விலையில் வரும் தற்செயல் ஆட்டத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம். எனக்கு ஆறு புள்ளி போதுமாக இருக்கிறது.

அடுத்தது எஸ்.டி.எல். என்ற மாநில அரசுப் பத்திரம். எங்களிடம் கொஞ்சம் தமிழ்நாடு அரசின் கடன் பத்திரம் உண்டு. ஜி-செக் கர்வை அசைத்து வரும் எண்ணில், மாநிலப் பத்திரத்துக்கும் ஜி-செக்குக்கும் உள்ள ஸ்பிரெட் அகலும் ஆபத்து அடங்காது. கர்வ் அப்படியே நின்றாலும் ஸ்பிரெட் 20 புள்ளி அகன்றால் டியூரேஷன் 7 உள்ள எஸ்.டி.எல். 1.4 சதவீதம் இறங்கிவிடும். அதற்கு ஷீட்டில் தனி வரி போட்டிருக்கிறேன், கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை.