மார்க்கா, புராஜெக்டா, பொருளாளர் பதவியா: ஆடிட்டர் அலுவலகத்தில் எது எடுபடும்?

பி.காம் கடைசி ஆண்டு மாணவி ஒருவர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காட்டுவதற்கு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வருமான வரித் தாளில் 82 மார்க், நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட், வணிகவியல் மன்றப் பொருளாளர் பதவி. பயோடேட்டாவில் பெரும்பாலும் இதே வரிசையில்தான் எழுதுகிறார்கள். பொருளாளர் பதவி கடைசியில், ரத்த தான முகாமுக்கும் கோலப் போட்டிக்கும் நடுவே ஒற்றை வரியாகக் கிடக்கும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு என்றால் நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன்.

அங்கே இன்டர்னுக்கு முதலில் என்ன வேலை தருவார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். பில்லையும் வவுச்சரையும் வைத்து லெட்ஜர் பதிவுகளைச் சரிபார்ப்பது, வங்கி ஸ்டேட்மென்டைக் கேஷ்புக்குடன் ஒப்பிடுவது, கட்சிக்காரரின் கொள்முதல் பதிவேட்டை சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியலாக ஜிஎஸ்டி தளத்தில் வரும் GSTR-2B உடன் பொருத்துவது. மூன்றுமே இரண்டு பட்டியல்களை எதிரெதிரே வைத்து, எது எங்கே இடிக்கிறது என்று தேடும் வேலைதான்.

மார்க்குக்கு ஒரு பலம் உண்டு. பல்கலைக்கழகம் கொடுத்த சான்று என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் 82 என்ற எண்ணைப் பார்த்து, ஃபார்ம் 16 கொடுத்தால் இவர் சம்பள வருமானத்தைக் கணக்கிடுவாரா என்று சொல்ல முடியாது. தாளின் பெயரை மட்டும் எழுதாமல், ‘சம்பளம், வீட்டுச் சொத்து ஆகிய தலைப்புகளில் வருமானம் கணக்கிடத் தெரியும்’ என்று எழுதினால் கொஞ்சம் தேவலை. எழுதினால் நேர்முகத்தில் ஒரு கணக்குப் போடச் சொல்வார்கள், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

புராஜெக்ட் விஷயம் வேறு. ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்று நூறு பேரிடம் கூகுள் ஃபார்ம் அனுப்பி, சதவீதம் போட்டு, பைண்டிங் செய்த புத்தகம் என்றால் அது ஆடிட்டருக்கு எதையும் சொல்லாது. ஒரு நிறுவனத்தின் ஐந்து ஆண்டு நிதிநிலை அறிக்கைகளை எடுத்து நடைமுறை மூலதனத்தை அலசியிருந்தால் மதிப்பு உண்டு. அப்போதும் ஒரே கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்: “கரண்ட் ரேஷியோ எந்த வருஷம் இறங்கியது, ஏன்?” சரக்கிருப்பு குறைந்ததா, குறுகிய காலக் கடன் ஏறியதா என்று குறிப்புப் பக்கத்தைக் காட்டிச் சொல்பவர்தான் அதைச் செய்தவர். நான்கு பேரில் தன் பங்கு எது என்பதையும் பயோடேட்டாவிலேயே எழுதிவிடுவது நல்லது.

இனி பொருளாளர் பதவி. பதவிக்கு மதிப்பில்லை, அதற்குள் இருக்கும் கணக்குக்குத்தான் மதிப்பு. உதாரணத்துக்கு, துறைக் கருத்தரங்குக்குத் தலைக்கு 150 ரூபாய் கட்டணம், பதிவு செய்தவர்கள் 214 பேர் என்று கொள்வோம். வர வேண்டியது 32,100 ரூபாய். வங்கியில் வந்த வரவுகளோ 203 தான். பதினொரு பேர் கட்டவில்லை என்று அவசரப்பட்டுச் சொல்லத் தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் 196 வரவுகள் 150 ரூபாய், 7 வரவுகள் 300 ரூபாய். அதாவது ஏழு பேர் தோழிக்கும் சேர்த்து ஜிபே செய்திருக்கிறார்கள். ஆக, 210 பேர் கணக்கில் வந்துவிட்டார்கள். மீதி நான்கு பேரின் 600 ரூபாய் ரொக்கமாக வந்தது, அதற்கு ரசீது நகல் இருக்கிறது. 31,500 உடன் 600 சேர்த்தால் 32,100.

GSTR-2B பொருத்துவதும் ஏறக்குறைய இதே சிந்தனைதான். பதிவேட்டில் இருக்கும் பில் அங்கே வரவில்லை என்றால், சப்ளையர் தன் விற்பனை விவரமான GSTR-1-ஐ இன்னும் தாக்கல் செய்யவில்லையா, பில் எண் மாறிப் பதிவானதா என்று தேட வேண்டும். அதனால் பயோடேட்டாவில் ‘பொருளாளர், 2024-25’ என்று எழுதி நிறுத்தாமல், ‘214 பேரின் கட்டணம் ரூ.32,100, பதிவுப் பட்டியலை வங்கி வரவுடனும் ரொக்க ரசீதுடனும் ஒப்பிட்டு வித்தியாசமின்றி முடித்தேன்’ என்று எழுதலாம். அந்த எக்செல் தாளைக் காட்டுவதாக இருந்தால் பொறுப்பாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டு, மாணவர்களின் பெயரையும் போன் எண்ணையும் நீக்கிவிட வேண்டும். கட்சிக்காரர் கணக்கைக் கையாளும் இடத்தில் அதையும் கவனிப்பார்கள்.

பொருளாளர் என்ற பெயர் மட்டும் இருந்து, கணக்கையெல்லாம் பேராசிரியரே பார்த்திருந்தால் இந்த வரி எடுபடாது. அப்போது புராஜெக்ட்தான் முன்னால் வர வேண்டும். பங்குச்சந்தை ஆய்வு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும் அப்படியே, அங்கே கருத்தரங்குக் கணக்கை யாரும் கேட்கப்போவதில்லை. மார்க் முதலிடம் பிடிப்பது ஒரே சூழலில்தான்: விண்ணப்பத்திலேயே இத்தனை சதவீதத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்று வடிகட்டும் பெரிய நிறுவனங்களில். அங்கே சதவீதத்தை முதல் வரியிலேயே போட்டுவிடலாம், மற்றவை எல்லாம் அதற்குக் கீழே.