பழைய ஓடா, புதிய ஓடா: ஒரு மேற்குச் சரிவுக்கு ஓடு தேடியபோது

தென்காசியில் எங்கள் பாட்டி வீட்டுக் கூரை மங்களூர் ஓடு போட்டது. மேற்குச் சரிவு தெருவைப் பார்க்கும், சாரலையும் அதுவே வாங்கும். கிழக்குச் சரிவு கொல்லைப்பக்கம். போன வருஷம் மேற்கே எண்ணிப் பார்த்தால் 60 ஓடு விரிசலோ உடைசலோ. பாதிக்குக் காரணம் குரங்கு, மீதிக்குக் காரணம் வயசு.

அறுபது ஓடுதானே, கடையில் வாங்கி மாட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மங்களூர் ஓடு என்பது ஒரு மாதிரியின் பெயர்தான், அது ஒரே அளவு இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஆலையின் மாதிரியைப் பார்த்து மேற்குக் கரை நெடுக ஆலைகள் வந்தன. ஆலைக்கு ஆலை அச்சு வேறு. பக்கவாட்டில் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் பள்ளத்தின் அகலம் மாறும், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையில் மாட்டும் குமிழின் இடம் மாறும். ஒரே ஆலையிலும் சூளையில் அதிகம் வெந்த ஓடு சற்றுச் சுருங்கியிருக்கும்.

இந்தச் சின்ன வித்தியாசம் கூரையில் எப்படிப் பெரிதாகிறது என்று பாருங்கள். ஓடு ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் அகலம் கூடினால், பத்தாவது ஓட்டில் 5 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அதற்கு மேல் வரிசை நேராக உட்காராது. நீளத்தில் குறைந்தாலோ இன்னும் மோசம். ரீப்பர் ஏற்கெனவே ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் அடிக்கப்பட்டு நிற்கிறது. குட்டையான ஓடு அதில் மாட்டும், பார்க்கவும் சரியாக இருக்கும். ஆனால் மேல் ஓடு கீழ் ஓட்டை மூடும் அளவு குறைந்துவிடும். நேராகப் பெய்யும் மழையில் ஒன்றும் தெரியாது. காற்றோடு சாரல் அடிக்கும்போதுதான் தண்ணீர் மேல்நோக்கி ஏறி உள்ளே சொட்டும்.

சரி, வழிகள் என்னென்ன? எனக்கு மூன்று இருந்தன.

முதலாவது, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய ஓடு. நிறம் அப்படியே பொருந்தும், அதுதான் இதன் பெரிய கவர்ச்சி. முதலில் ஓட்டின் அடிப்பக்கத்து முத்திரையைப் பாருங்கள். நம் வீட்டு ஓட்டில் உள்ள அதே ஆலைப் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. '1865' என்று பொறித்திருந்தால் அது அந்தக் காலத்து ஓடு என்று கடைக்காரர் விலை ஏற்றுவார். அது ஆலை தொடங்கிய வருஷம். ஓடு அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து வெந்ததாக இருக்கலாம்.

முத்திரை ஒத்துப்போனாலும் நம்பிவிட வேண்டாம். நம் வீட்டிலிருந்து நல்ல ஓடு நாலு எடுத்துக்கொண்டு போய், கடை வாசலிலேயே அவர்கள் ஓட்டோடு கலந்து மாட்டிப் பாருங்கள். நம் ஓட்டுக்கு இடதும் வலதும், மேலும் கீழும் அவர்கள் ஓடு வர வேண்டும். ஆடாமல், எகிறாமல் உட்கார்ந்தால் எடுக்கலாம். சமமான சிமெண்ட் தரையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். தாளம் போட்டால் அது முறுக்கிக்கொண்ட ஓடு.

விரிசலைக் கண்டுபிடிக்கச் சுண்டிப் பார்ப்பது எல்லோரும் அறிந்தது. 'டங்' என்றால் சரி, மந்தமான சத்தம் வந்தால் வேண்டாம். ஆனால் கடைக்காரர்கள் மயிரிழை விரிசலில் சிமெண்ட் பால் பூசிவிடுவதும் உண்டு. அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். ஓட்டை நனைத்து வெயிலில் சாய்த்து வையுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் கறுத்த கோடாகத் தெரியும். பாசி பிடித்திருப்பது குற்றமில்லை. அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம், கடலோர வீடுகளிலிருந்து வந்தவற்றில் இது அதிகம். நான் 100 ஓடு பேசி வைத்து, இந்தச் சோதனையில் 31-ஐத் தள்ளினேன். புதியதின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் பழைய ஓடு எனக்கு வேண்டாம்.

இரண்டாவது வழி புது ஓடு. பொறுக்கும் வேலை குறைவு, ஆனால் வேக்காட்டைச் சோதிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் மங்களூர் ஓட்டுக்கு நீர் உறிஞ்சல் உயர்தரத்தில் 18 சதவீதத்தையும், அடுத்த தரத்தில் 20 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்கிறது. வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த ஓட்டை எடை போடுங்கள், 24 மணி நேரம் ஊறவைத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். எனக்கு மாதிரிக்கு வந்த ஒன்று 2.4 கிலோ, ஊறிய பின் 2.8. கூடியது 400 கிராம், ஏறக்குறைய 17 சதவீதம், நல்ல ஓடு. காய்ந்தபோது அதே எடையிருந்த வேறொரு கடை ஓடு 2.95 வரை போனது, 23 சதவீதம். வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருந்தது அதுதான். புது ஓட்டின் சிக்கல் தரத்தைவிடப் பொருத்தத்தில்தான். எங்கள் கூரையின் பழைய ஓட்டோடு அது ஒரு வரிசைகூட ஒழுங்காகச் சேரவில்லை.

மூன்றாவது வழியை எங்கள் ஊர் ஆசாரி சொன்னார், நான் அதைத்தான் செய்தேன். கொல்லைச் சரிவை முழுக்கப் பிரித்து, அதிலிருந்த நல்ல ஓட்டை வாசல் சரிவுக்கு மாற்றி, கொல்லைக்கு முழுக்கப் புது ஓடு. அந்தச் சரிவு 20 அடிக்கு 12 அடி, அதாவது 240 சதுர அடி, சுமார் 22 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 15 ஓடு என்றால் 330, உடைசலுக்கும் சேர்த்து 360 வாங்கினோம். பிரித்ததில் தேறியது 210. அறுபது வாசலுக்குப் போக 150 கையிருப்பு. செலவு மூன்று வழியிலும் இதில்தான் அதிகம், கூலியும் இரட்டிப்பு. புது ஓட்டின் அளவுக்கு ஏற்ப ரீப்பரையும் கழற்றி அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரே சரிவில் இரண்டு அச்சு கலக்கவே இல்லை. இரு சரிவும் முகட்டில்தான் சந்திக்கின்றன, அங்கே முகட்டு ஓடும் காரையும் வித்தியாசத்தை மறைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு ஓடு மட்டும் போதும் என்பவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டாம், பழைய கடையே போதும்.

கூரை மரம் உட்காரும் சுவரின் மேல் வரிச் செங்கலும் ஓரிடத்தில் நொறுங்கியிருந்தது. அங்கே இரண்டு அங்குலத் தடிமனுள்ள பழைய கல். இப்போதைய மூன்றங்குல சேம்பர் கல்லை வைத்தால் வரி ஒத்துவராது. இடிந்த சுற்றுச்சுவரிலேயே அதே கல் கிடைத்ததால் தப்பித்தோம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கல் தட்டினால் சுத்தமாகப் பிரியும். சிமெண்டில் கட்டியது காரையை விடாது, கல்தான் உடையும். பழைய சுவரின் உள்வரியில் வேகாத கல்லும் வைத்திருப்பார்கள், எனவே நகத்தால் கீறிப் பார்த்து, தடம் விழுந்ததைத் தள்ளுங்கள். புதுக் கல் வாங்குவதானால் உடைத்துப் பாருங்கள். மிளகளவு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது மண்ணில் கலந்த சுண்ணாம்பு. ஈரம் பட்டதும் உப்பி, கல்லைப் பிளந்துவிடும். இரண்டு நாள் ஊறவைத்து ஒரு வாரம் வெளியே போட்டால் தானே காட்டிக்கொடுக்கும். கட்டும்போது கொத்தனார் சிமெண்ட் என்றுதான் சொல்வார், அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மென்மையான பழைய கல்லுக்கு நடுவே சிமெண்ட் இறுகிவிட்டால் ஈரம் கல் வழியாகவே வெளியேறும், கல்லின் முகம்தான் உதிரும்.

கையிருப்பு 150 ஓட்டையும் மாட்டுக்கொட்டகையில் படுக்கவைக்காமல், சுவரோடு நெட்டாகச் சாய்த்து அடுக்கியிருக்கிறோம். படுக்கவைத்தால் அடி வரிசை பாரத்தில் விரிசல் விடும். குரங்குகள் இந்த ஆனியில் இதுவரை பதினொன்றை உடைத்திருக்கின்றன.