லிங்க்ட்இன்னில் பழைய சரக்கு: மறைப்பதா, அழிப்பதா, மாற்றி எழுதச் சொல்வதா?

திருப்பூரில் ஏற்றுமதி கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஒன்பது வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தவள் என் தோழி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எஸ்க்யூஎல், பவர் பிஐ எல்லாம் கற்றுக்கொண்டு டேட்டா அனலிஸ்ட் ஆகிவிட்டாள். லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே புது வேலையைத்தான் போட்டிருந்தாள். ஆனால் வருகிற அழைப்பெல்லாம் மெர்ச்சண்டைசர் வேலைக்கு. புரொஃபைலைத் திறந்து கீழே இறங்கினேன். பரிந்துரைகள் ஏழும் பையர், சாம்பிள், ஷிப்மென்ட் என்றே பேசின. அதற்கும் கீழே 23 குரூப்கள், பாதிக்கு மேல் கார்மென்ட்ஸ். தலைப்பு ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொன்னது.

ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்பது அவள் கட்சி, முடிந்தவரை மறைத்தால் போதும் என்பது என் கட்சி. கடைசியில் பரிந்துரைக்கு ஒரு வழி, பதிவுக்கு ஒரு வழி, குரூப்புக்கு ஒரு வழி என்று ஆனது.

முதலில் பரிந்துரை. நமக்கு வந்த பரிந்துரையில் ஒரு எழுத்தைக்கூட நாம் திருத்த முடியாது. அது எழுதியவருடையது. நம் கையில் இருப்பது இரண்டுதான்: புரொஃபைலில் தெரியாமல் மறைப்பது, அல்லது எழுதியவரிடமே மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது. மறைப்பது நொடி வேலை. பரிந்துரைப் பகுதியில் பென்சிலைத் தட்டி, Received பக்கத்தில் அந்தப் பரிந்துரைக்கு எதிரே இருக்கும் பொத்தானை அணைத்தால் போதும். எழுதியது அழியாது, வேண்டும்போது திரும்பக் காட்டலாம். மனசு மாறினால் திரும்பி வர வழி இருப்பதால், சந்தேகம் வந்தால் இதையே செய்யுங்கள் என்பேன்.

ஆனால் ஏழையும் மறைத்தால் அந்த இடமே வெறிச்சோடிவிடும். அங்கேதான் மாற்றி எழுதச் சொல்வது ஜெயிக்கிறது, அதுவும் ஒன்றிரண்டுக்கு மட்டும். அவளுடைய பழைய மேனேஜர் எழுதியதன் சாரம் இது: 'பையர்களிடம் பொறுமையாகப் பேசுவார், சாம்பிள் அப்ரூவல் தாமதமானதே இல்லை.' நல்ல வார்த்தைதான், புது வேலைக்கு ஒட்டவில்லை. ஆனால் அதே காலத்தில் துணி வரத்து, தையல், பேக்கிங் மூன்றின் தேதிகளையும் ஒரே எக்செல்லில் கட்டி, எந்த ஆர்டர் பிந்தப்போகிறது என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அது மேனேஜருக்கும் தெரியும். அவருக்கு எழுதினாள்: 'சார், நல்லா இருக்கீங்களா? நான் இப்ப டேட்டா பக்கம் வந்துட்டேன். நீங்க எழுதினதுல அந்த டிராக்கர் ஷீட்டைப் பத்தி ரெண்டு வரி சேர்த்துத் தர முடியுமா? மத்தது அப்படியே இருக்கட்டும்.' மூன்றாம் நாள் மாற்றித் தந்துவிட்டார். 'வேற மாதிரி எழுதிக் குடுங்க' என்று மொட்டையாகக் கேட்டிருந்தால் அவர் தள்ளிப்போட்டிருப்பார். எந்த வேலை, எத்தனை வரி என்று சொல்லிக் கேட்டதால்தான் உடனே நடந்தது. நடக்காத வேலையை எழுதச் சொல்லாதீர்கள். இன்டர்வியூவில் அதையே கிளறுவார்கள்.

இதற்குப் போட்டியாக மூன்றாவது வழியும் உண்டு: இப்போது கூட வேலை செய்கிறவரிடம் புதிதாக ஒன்று வாங்குவது. பரிந்துரைகளை நம் இஷ்டத்துக்கு வரிசை மாற்ற முடியாது, புதிதாக வந்தது மேலே நிற்கும். புரொஃபைலில் விரிக்காமலே கண்ணில் படுவது மேலே இருக்கும் ஓரிரண்டுதான். ஆகவே புதிது ஒன்று வந்தாலே பழையது தானாகக் கீழே இறங்கும். அவள் ஒன்று புதிதாக வாங்கினாள், ஒன்றை மாற்றச் சொன்னாள், நான்கை மறைத்தாள். மீதி இரண்டை அப்படியே விட்டோம். ஒன்பது வருஷ உழைப்பை இல்லாததுபோல் ஆக்க வேண்டியதில்லையே.

Given பக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாம் அடுத்தவருக்கு எழுதியதை நீக்கினால் அது அவர் புரொஃபைலிலிருந்தும் போய்விடும். நம் வீட்டைப் பெருக்கப்போய் பக்கத்து வீட்டுக் கோலத்தை அழித்த கதை.

பதிவுகளில் கணக்கு வேறு. லிங்க்ட்இன்னில் பழைய பதிவைப் பரண்மேல் தூக்கிப்போடுகிற வசதி கிடையாது. அழித்தால் அதன் கீழே வந்த கமென்ட்டும் சேர்ந்தே போகும், மீட்க முடியாது. 'சும்மா விட்டுவிடலாமே, யார் அவ்வளவு தூரம் உருட்டிப் பார்க்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்டால், பெரும்பாலான பதிவுகளுக்கு நானும் அதையேதான் சொல்வேன். பழைய தீபாவளி வாழ்த்து யாருக்கும் தொல்லை இல்லை. தொல்லை கொடுப்பது வேறு ரகம். 2019இல் அவள் போட்ட 'மெர்ச்சண்டைசர் தேவை' பதிவு தேடலில் அகப்பட்டு, அப்போதும் ரெஸ்யூமே வந்துகொண்டிருந்தது.

அப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்க உருட்டிக்கொண்டே போக வேண்டாம். செட்டிங்ஸில் Data privacy பகுதியில் Get a copy of your data என்று இருக்கும். முழுப் பிரதி கேட்டால் ஒரு நாள் வரை ஆகலாம். வருகிற ஜிப்புக்குள் Shares.csv இருக்கிறதா என்று பாருங்கள். அதை எக்செல்லில் திறந்தால் தேதி, பதிவின் இணைப்பு, எழுதிய வாசகம் எல்லாம் வரிசையாக இருக்கும். அவளுக்கு 140 வரி வந்தது. hiring, looking for, vacancy என்று ஃபில்டர் போட்டதில் தேறியவை 11. அவற்றில் ஒன்பதை அழித்தாள். கமென்ட்டில் நல்ல உரையாடல் நடந்திருந்த இரண்டை மட்டும் எடிட் செய்து, மேலே 'இந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது' என்று ஒரு வரி சேர்த்தாள். மொத்தமாக அழிக்கிற பொத்தான் கிடையாது, ஒவ்வொன்றாகத் திறந்துதான் அழிக்க வேண்டும். அதற்கென்று பிரவுசர் எக்ஸ்டென்ஷன் விற்கிறார்கள். தானியங்கிக் கருவிகளை லிங்க்ட்இன் விதிகளே தடுக்கின்றன, கணக்கு முடங்கலாம். ஒன்பது பதிவுக்கு அந்த வம்பு எதற்கு? அழித்த பிறகும் கொஞ்ச நாள் கூகுள் தேடலில் பழைய வரி தலைகாட்டினால் பயப்பட வேண்டாம்.

குரூப்பில் மட்டும் அவள் கட்சிதான் சரி: வெளியேறிவிடுங்கள். பதினெட்டில் பேச்சே இல்லை, விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு வெளியேற வேண்டும். ஒரே குரூப்பில் இருப்பவர்கள், நேரடித் தொடர்பில் இல்லாவிட்டாலும், ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பக் கேட்கலாம். வெளியேறினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஆகவே ஆட்கள் வேண்டும், பெயர்ப்பலகை வேண்டாம் என்றால், குரூப்பின் செட்டிங்ஸில் புரொஃபைலில் காட்டுவதை அணைத்துவிட்டு உள்ளேயே இருக்கலாம். பையர்கள் இருக்கும் ஒரு குரூப்பையும், வேலை தேடுவோர் குரூப் ஒன்றையும் அவள் அப்படி வைத்துக்கொண்டாள். இரண்டாவதை இப்போதைய பாஸ் பார்த்துத் தொலைத்தால் தேவையில்லாத கேள்வி வரும். மீதி மூன்று டேட்டா குரூப்கள், அவை தெரியட்டும்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது போனை நீட்டினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவருக்கு அவள் எழுதிய பரிந்துரை, 'இதையும் எடுத்துடவா?' என்றாள். 'அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ' என்றேன்.