புது மண்சட்டியைப் பழக்க வடிகஞ்சியா, எண்ணெயா?

ஒரே கடையில் ஒரே அளவில் இரண்டு குழம்புச் சட்டி வாங்கினேன். விரலால் சுண்டியபோது இரண்டுமே கணீரென்று ஒலித்தன. மந்தமாக ஒலித்தால் ஏற்கெனவே கீறல் இருக்கும். அதை எப்படிப் பழக்கினாலும் தேறாது.

முதல் சட்டிக்கு நல்லெண்ணெய் தடவி, ஒரு நாள் வெயிலில் வைத்து, வெறுமையாகவே சிம்மில் ஏற்றினேன். ஏழெட்டு நிமிஷத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை போல ஒரு விரிசல். விறகடுப்பில் தீ சட்டியைச் சுற்றித் தழுவும். கேஸ் பர்னரோ நடு அடியை மட்டும் சுடும். சூடான அடி விரியப் பார்க்கும், ஆறிக் கிடக்கும் விளிம்பு இடம் கொடுக்காது. அந்த இழுபறியில் விளிம்புதான் முதலில் பிளக்கும். உள்ளே தண்ணீர் இல்லாததால் சூட்டுக்கும் கட்டுப்பாடு இல்லை.

இரண்டாவதை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்தேன். முதலில் பொடிப்பொடியாகக் குமிழி வரும். மண் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். பிறகு நிழலில் ஒரு நாள் காயவிட்டு, வடிகஞ்சியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து முக்கால் சட்டி ஊற்றினேன். சின்ன பர்னரில், சிம்மில் பத்து நிமிஷம். விளிம்பைத் தொட்டால் சுட ஆரம்பித்த பிறகே மிதமான தீ. அரை மணி நேரம் கொதித்ததும் அணைத்து, கஞ்சியோடே ஆறவிட்டேன். இப்படி மூன்று நாள். முதல் நாள் வெளிப்பக்கம் வியர்த்தது, மூன்றாம் நாள் காய்ந்தே இருந்தது. கஞ்சியின் மாவுச்சத்து நுண்துளைகளில் புகுந்து இறுகிவிட்டது. உள்ளே கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்வரை உட்பக்கச் சூடும் கொதிநிலையைத் தாண்டாது. குழம்புச் சட்டிக்கு என் தேர்வு இதுதான். எண்ணெய் முறையை அப்பம், தோசை சுடும் மண் தவாவுக்கு வைத்துக்கொள்ளலாம், அதையும் கஞ்சியில் பழக்கிய பிறகு.

சட்டிக்கு அடியில் பழைய இரும்பு தோசைக்கல்லை வைப்பவர்களும் உண்டு. சூடு பரவலாக ஏறும். தட்டையான அடிக்கு நேர்த் தீயைவிட நல்லது. உருண்டை அடி ஒரு புள்ளியில்தான் கல்லைத் தொடும், பயனில்லை. கண்ணாடி மேல்தள அடுப்பில் அகலமான கல் வேண்டவே வேண்டாம். சூடு கீழே திரும்பிக் கண்ணாடியே வெடிக்கலாம்.

இறக்கும்போதும் கவனம் வேண்டும். கொதிக்கும் சட்டியை ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் அந்த நொடியே விரிசல் விடலாம். பிரிமணை இல்லையென்றால் மடித்த காய்ந்த துணி போதும்.