கேமிங் மோடா, டாங்கிளா? ஒலித்தரம் உண்மையில் எங்கே அடிவாங்குகிறது

கேம் ஆட வயர்லெஸ் இயர்பட்ஸ் தேடினால் கடைசியில் இரண்டு வகைதான் மிஞ்சும். புளூடூத்திலேயே 'கேமிங் மோட்' வைத்திருப்பவை ஒன்று. போனில் செருகும் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிளோடு வருபவை இன்னொன்று. இரண்டையும் வைத்து ஆடிப் பார்த்துவிட்டு டாங்கிளுக்கு மாறியவன் நான். மாறியது வேகத்துக்காக அல்ல, மைக்குக்காக.

வேகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண புளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்துசேர ஏறக்குறைய 150 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். வீடியோ பார்க்கும்போது பிளேயர் காட்சியையும் அதே அளவு தள்ளி ஓட்டிச் சமாளித்துவிடும். அதனால் படம் பார்க்க கேமிங் மோட் தேவையே இல்லை. கேமில் நீங்கள் சுட்ட பிறகுதான் சத்தமே உருவாகிறது, தள்ளி ஓட்ட வழியில்லை. கேமிங் மோட் இந்தத் தாமதத்தை நன்றாகவே குறைக்கும், டாங்கிள் பொதுவாக இன்னும் குறைக்கும்.

கேமிங் மோட் போட்டாலே சத்தம் மட்டமாகிவிடும் என்பது பாதிதான் சரி. அது முதலில் கைவைப்பது பஃபரில். இயர்பட்ஸ் கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொண்டுதான் ஒலிக்கும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் போன் அதைத் திரும்ப அனுப்புவதற்கான அவகாசம் அந்தச் சேமிப்புதான். 200 மில்லிசெகண்ட் சேமிப்பு இருக்கும்போது பக்கத்து வைஃபை 80 மில்லிசெகண்ட் குறுக்கிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. சேமிப்பு 40 ஆகிவிட்டால் அதே குறுக்கீடு 'டக்'கென்ற வெட்டாகக் கேட்கும். போனைப் பின்பாக்கெட்டில் வைத்தால் வெட்டு கூடுகிறதா, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் பிரச்சினை பஃபரில்தான். வெட்டு விழாத நேரத்தில் தரம் அப்படியே இருக்கும்.

தரமே இறங்குவது கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, மாறும்போது. சில இயர்பட்ஸில் கேமிங் மோடை ஆன் செய்ததும் உயர்தரக் கோடெக்கான LDAC கழன்று சாதாரண AAC அல்லது SBC ஏறிவிடும். ஆண்ட்ராய்டில் Build number-ஐ ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அங்கே Bluetooth audio codec என்ற வரியை கேமிங் மோடுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பெயர் மாறாவிட்டால் கோடெக் மாற்றத்தால் வரும் இழப்பு இல்லை. மாறினாலும் துப்பாக்கிச் சத்தத்தில் பெரிதாகத் தெரியாது. சிம்பல் அதிகமுள்ள பாட்டில் கவனித்துக் கேட்டால் தெரியலாம். ஆட்டம் முடிந்ததும் மோடை அணைத்துவிடுங்கள், அது போதும்.

என்னை மாறவைத்தது மைக். பாட்டு, கேம் ஒலி எல்லாம் புளூடூத்தில் ஒருவழிப் பாதையில் நல்ல தரத்தில் வரும். அந்தப் பாதையில் உங்கள் குரல் திரும்பிப் போக முடியாது. குழுவோடு பேச இயர்பட்ஸ் மைக்கைத் திறந்த நொடியில் போன் அழைப்புக்கான பாதைக்கு மாறிவிடும். அங்கே ஒலி மோனோ, பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங். அதாவது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதுவும் காதுக்கு வராது. பழைய முறையில் 4-க்கு மேலேயே வராது. காலடிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் போய்விடும், ஷூட்டர் ஆடுபவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. LDAC, கேமிங் மோட் என்று காசு கொடுத்து வாங்கியதெல்லாம் அந்த நேரத்தில் சும்மா கிடக்கும். பலர் கேமிங் மோடைத் திட்டுவது உண்மையில் இதற்காகத்தான்.

நல்ல டாங்கிள் இயர்பட்ஸ் இதைச் சமாளிக்கும். அது புளூடூத்தின் அழைப்புப் பாதைக்குப் போவதில்லை, தன் சொந்த இணைப்பிலேயே ஸ்டீரியோவையும் குரலையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. நான் பேசும்போதும் காலடி எந்தப் பக்கம் என்பது தெரிகிறது. எல்லா டாங்கிளும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். சில டாங்கிள்கள் உள்ளே வெறும் புளூடூத்தான், மைக்கைத் திறந்தால் அதே கதி. வாங்கும் முன் மைக் ஆனில் இருக்கும்போதும் ஸ்டீரியோ வருமா என்று கேளுங்கள். டாங்கிளும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடுவதால் வைஃபை நெரிசல் அதையும் விடாது. சார்ஜ் போடும் துளையையும் அடைத்துக்கொள்ளும்.

எல்ஈ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலிமுறை வந்த போன்களில் மைக் திறந்திருந்தாலும் தரம் இவ்வளவு இறங்குவதில்லை. ஆனால் போன், இயர்பட்ஸ் இரண்டும் ஆதரிக்க வேண்டும். நான் குறைவாகவே பயன்படுத்தியிருப்பதால் அதை நம்பி வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன்.

தனியாக ஆடுபவர், குழுவில் பேசாதவர் என்றால் கேமிங் மோடே தாராளம். பேசியே ஆகவேண்டும், டாங்கிளும் வேண்டாம் என்பவர், கேமோ சாட் ஆப்போ அனுமதித்தால் மைக்காக போனையே தேர்ந்தெடுக்கலாம். இயர்பட்ஸ் நல்ல பாதையிலேயே இருக்கும். போனைக் கையில் பிடித்திருப்பதால் குரலும் தெளிவாகவே போகும், மேஜைமேல் வைத்து கன்ட்ரோலரில் ஆடினால் மட்டும் அது எடுபடாது.