பவுசரா, பீலியா? பண்டாரவளை வீடு ஒன்றின் தண்ணீர்க் கணக்கு

பண்டாரவளைப் பக்கத்தில் ஏப்ரல் மழை ஓய்ந்தபின், ஜூன் தொடங்கிச் செப்டெம்பர் நடுப்பகுதி வரை குழாயில் தண்ணீர் வருவது குறைந்துவிடும். அந்த மூன்றரை மாதத்தில் எங்கள் ஐவர் வீட்டுக்கு 5,000 லீற்றர் பவுசர் ஐந்து தடவை வருகிறது. ஒரு தடவைக்கு 7,500 ரூபாய் கொடுக்கிறோம். உங்கள் பகுதியின் விலையை இதற்குப் பதிலாக இட்டுக்கொள்ளலாம்.

கூரையில் விழும் மழைநீரைப் பீலி வழியே தாங்கியில் சேர்த்தால் இதில் எவ்வளவு மிச்சமாகும்? எங்கள் கூரையின் பரப்பு 60 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் சேரும். தகரக் கூரையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிவாக விடவேண்டும். ஆண்டு மழை முழுவதையும் இப்படிப் பெருக்கி, பவுசரே வேண்டாம் என்று முடிவு கட்டுவதுதான் வழமையான பிழை. மழைக்காலத்தில் நாம் தண்ணீர் வாங்குவதில்லை. ஆகவே அப்போது வழிந்தோடும் நீர் ஒரு சதமும் மிச்சப்படுத்தாது. 5,000 லீற்றர் தாங்கி நிரம்பிய நிலையில் ஜூனில் நுழைந்தால் ஒரு பவுசர் குறையும். கோடையில் இடையிடையே மொத்தம் 100 மில்லிமீற்றர் பெய்தால், 4,800 லீற்றர் சேர்ந்து இன்னொன்று குறையும். ஐந்தில் இரண்டு, அதாவது ஆண்டுக்கு 15,000 ரூபாய்.

தாங்கி, அதன் கொங்கிறீற் மேடை, பீலி, குழாய், கூரைத் தூசியோடு வரும் முதல் மழைநீரை வெளியே விடும் அமைப்பு எல்லாவற்றுக்கும் எங்களிடம் கேட்கப்பட்ட தொகை 1,10,000 ரூபாய். இது மீள ஏழு ஆண்டுக்கு மேலாகும். ஆனால் பவுசர் நீரை இறக்கவும் தாங்கி வேண்டுமல்லவா? அது ஏற்கெனவே இருக்கும் வீட்டில் பீலி முதலியவற்றின் 35,000 ரூபாயே புதிய செலவு. இரண்டரை ஆண்டுக்குள் மீண்டுவிடும். ஒரே தாங்கியென்றால், பவுசர் வந்த மறுநாள் பெய்யும் மழை வீணாகும் என்பதால், வானம் மூடியிருக்கும் நாளில் அரைப் பவுசர் கேட்பது நல்லது. இரண்டாவது தாங்கிக்கு 85,000 ரூபாய் போட்டாலும் மேலதிகமாக ஒரு பவுசரே குறையும். பதினொரு ஆண்டு காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சு குழியை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சரிவில் தோண்டிய குழியில் இறங்கும் நீர் நம் தாங்கிக்குத் திரும்புவதில்லை. கீழ்வீட்டுக் கிணற்றுக்குப் போனால் அவர்களுடைய அதிர்ஷ்டம். பணத்தைவிடப் பெரிய பிரச்சினையும் உண்டு. மண்ணுக்குள் நீர் ஊறினால் சரிவின் பிடிப்புத் தளரும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதும் கனமழைக்குப் பின்னர்தான். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கசியும் கலங்கல் ஊற்று ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழி வேண்டாம். அத்தகைய இடத்தில் தாங்கி நிரம்பி வழியும் நீரைக்கூட மண்ணில் விடாமல், சீமெந்துக் கானில் சேர்த்து ஓடைவரை கொண்டுபோக வேண்டும். அந்தக் கானின் செலவையும் தாங்கியின் விலையோடு கூட்டியே பவுசரோடு ஒப்பிட வேண்டும்.